கடைசி மெயிலை யார் போடுவது?

அலுவலக மெயிலில் பேச்சு முடிந்த பிறகும் மெயில் முடிவதில்லை. விஷயம் பேசி முடிவாகிவிட்டது, எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அதன் பிறகு ஒருவர் ‘நோட்டட்’ என்று போடுவார். இன்னொருவர் ‘தேங்க்ஸ்’ என்பார். அந்தத் தேங்க்ஸுக்கு ஒரு ‘வெல்கம்’ வரும். இவ்வளவு நாளும் சிசியில் சும்மா இருந்த முதலாளி அந்த ‘வெல்கம்’ வந்த சத்தத்தில் போனைத் திறந்து, கீழிருந்து மேலாகப் படித்துவிட்டு, “இந்தத் தேதியை யார் ஒத்துக்கொண்டது?” என்று கேட்பார். ஒன்பது நாள் பேசி முடித்தது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இதற்குப் பயந்து சிலர் ஒற்றை வார்த்தையில் ‘நன்றி’ என்று அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதைப் படிப்பவருக்கு, கதவை முகத்துக்கு நேராகச் சாத்தியதுபோல் இருக்கும். சுருக்கமாகவும் இருக்க வேண்டும், பேச்சும் நிற்க வேண்டும், யாருக்கும் மனம் சுருங்கக் கூடாது என்றால் அந்த நன்றியை எப்படி எழுதுவது? நன்றியின் வாசகத்தில் தேடினால் இதற்கு விடை கிடைக்காது. அதற்கு முன்னால் போன மெயிலில்தான் கிடைக்கும்.

மெயிலை விட்டுவிட்டுக் கொஞ்சம் தொலைபேசிக்குப் போகலாம். இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1973இல் ‘செமியோட்டிகா’ என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனிதர்கள் ஓர் உரையாடலை எப்படி முடிக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். பதிவு செய்த தொலைபேசிப் பேச்சுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வோர் இடைவெளியாக அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இது: உரையாடல் தானாக நின்றுவிடுவதில்லை. இருவரும் சேர்ந்து அதை முடிவுக்குக் கொண்டுவருகிறார்கள். விடைபெறும் சொல்லுக்கு முன்னால் எப்போதும் ஒரு வாசல்படி இருக்கிறது. ஒருவர் புதிதாக எதுவும் சொல்லாமல் ‘சரி...’ என்று இழுப்பார். ‘என் பக்கம் முடிந்தது, உன்னிடம் ஏதாவது பாக்கி இருந்தால் இப்போதே சொல்’ என்று அதற்கு அர்த்தம். மற்றவரும் ‘சரி’ என்றால் பாக்கி எதுவும் இல்லை. அதன் பிறகுதான் விடைபெறுவார்கள்.

நம் வீட்டுப் போன் பேச்சிலும் இது அப்படியே இருக்கிறது. “அப்புறம்... வேற?” “வேற ஒண்ணுமில்ல.” “சரி, வச்சிடட்டுமா?” இந்த மூன்றில் நடுவில் இருக்கும் ‘ஒண்ணுமில்ல’ வராமல் போனை வைத்துப் பாருங்கள். அடுத்த நிமிஷமே திரும்ப அழைத்து, “ஏன், கோபமா?” என்று கேட்பார்கள்.

மெயிலில் இந்த நடுப்படி தொலைந்துபோகிறது. போனில் அரை நொடி மௌனத்தில் நடந்துவிடுவதை மெயிலில் எழுதித்தான் காட்ட முடியும். அதை எழுதாமல் நேராக நன்றிக்குத் தாவினால் வெடுக்கென்று இருக்கிறது. அதையே எழுதத் தெரியாமல் எழுதினால் பேச்சு இன்னும் பத்து மெயில் நீள்கிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். இது நான் சேர்த்து அமைத்த கதைதான்; ஆனால் திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் ஒரு மாதம் உட்கார்ந்தவர் யாரும் இதை அடையாளம் கண்டுகொள்வார்.

நேவி ப்ளூ நிறத்தில் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், பன்னிரண்டாயிரம் பீஸ். பாடி துணி சிங்கிள் ஜெர்ஸி, கழுத்துக்கு ரிப். ரிப்பையும் பாடி துணியையும் வெவ்வேறு மெஷினில், வெவ்வேறு நாளில் சாயம் போட்டிருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. பையிங் ஆபீஸ் மேடம் லைட் பாக்ஸில் வைத்து, கடை விளக்கின் வெளிச்சத்துக்கு மாற்றிப் பார்த்தபோது கழுத்து மட்டும் லேசாகச் சிவப்படிக்கிறது. போட்டோவோடு மெயில் வருகிறது. பிறகு ஒன்பது நாளில் முப்பது மெயில். சாயப்பட்டறை மேனேஜர் ‘இது டாலரன்ஸுக்குள் இருக்கிறது’ என்கிறார். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. ரிப்பை மறுபடி சாயத்துக்குப் போட்டால் ஷிப்மென்ட் நாலு நாள் தள்ளும் என்று ஃபேக்டரி சொல்கிறது. தள்ளினால் வெசல் கிடைக்குமா என்று ஷிப்பிங் ஆள் உள்ளே வருகிறார். நடுவில், பதினான்காவது மெயிலில், மேடம் பக்கத்து க்யூசி ஒரு கேள்வி கேட்கிறார்: ‘மறுபடி சாயம் போட்ட ரிப்பைத் துவைத்தால் சாயம் போகுமா? டெஸ்ட் ரிப்போர்ட் கிடைக்குமா?’ அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த மெயில் வெசல் பற்றியது, பேச்சு அங்கே போய்விட்டது.

கடைசியில் ஒரு வழி கிடைக்கிறது. ரிப்பை மறுபடி சாயத்துக்கு அனுப்புவது, நாலு நாள் தாமதத்தை மேடம் ஏற்றுக்கொள்வது. இந்த இடத்தில் ஃபேக்டரியின் மெர்ச்சண்டைசர் முடிவு மெயில் போட வேண்டும். இந்த மெயில்கள் ஆங்கிலத்தில்தான் ஓடும். இங்கே தமிழில் வைத்துப் பார்க்கலாம்.

அவர் ‘நன்றி மேடம்’ என்று மட்டும் போட்டால் என்ன ஆகும்? மேடத்துக்கு அது பெரிதாக உறைக்காது, அவர் கேட்டது கிடைத்துவிட்டது. உறைப்பது க்யூசிக்கு. தன் கேள்வியைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டார்கள் என்று நினைப்பார். இரண்டு நாள் கழித்து, மேலதிகாரியையும் சிசியில் சேர்த்துக்கொண்டு, ‘என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை’ என்று மெயில் வரும். முடிப்பது முகத்தில் அடித்ததுபோல் இருப்பதற்கு மெயிலின் நீளம் அநேகமாகக் காரணம் இல்லை. யாரோ ஒருவருடைய கேள்வி பதிலில்லாமல் கிடக்கும்போது பேச்சை மூடுவதுதான் காரணம்.

சரி, பணிவாகவே எழுதுவோம் என்று அவர் இப்படிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘அனைவரின் ஒத்துழைப்புக்கும் மிக்க நன்றி. மேலும் ஏதேனும் கருத்து இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்.’ அலுவலகங்களில் நூற்றுக்கு எண்பது பேர் எழுதுவது இதைத்தான். போனில் கேட்கும் ‘வேற?’ போலவே இருக்கிறது. ஆனால் போனில் அந்தக் கேள்வி ஒருவரிடம் போகிறது. இங்கே சிசியில் இருக்கும் ஒன்பது பேரிடமும் போகிறது. கருத்து கேட்டால் கருத்து வரும். சாயப்பட்டறை மேனேஜருக்கு ‘டாலரன்ஸுக்குள்தான் இருந்தது’ என்று பதிவு செய்துவைக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

நடக்கக்கூடியது இது:

‘மேடம், முதல் லாட்டின் ரிப் மட்டும் மறுபடி சாயத்துக்குப் போகிறது. மீதி லாட்டுகளில் ரிப்பும் பாடி துணியும் ஒன்றாகவே சாயம் போடப்படும். ரிப் வியாழக்கிழமை கைக்கு வந்ததும் வெள்ளிக்கிழமை கட்டிங். சரக்கு 18ஆம் தேதி புறப்படும். க்யூசி கேட்டிருந்த வாஷிங் ரிப்போர்ட்டை புதன்கிழமை அவருக்குத் தனி மெயிலில் அனுப்புகிறேன். இதன்படி தொடங்கலாமா?’

இதில் நன்றியே இல்லை என்பதைக் கவனியுங்கள். இது நடுப்படி. என்ன முடிவானது, எந்தக் கிழமை என்ன நடக்கும் என்று சொல்கிறது. பதினான்காவது மெயிலில் அனாதையாகக் கிடந்த கேள்வியைப் பெயர் சொல்லி எடுத்து, அதற்கு ஒரு நாளும் தனி மெயிலும் ஒதுக்குகிறது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி, அதுவும் ஒரே ஒருவரிடம், ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியது. மற்ற எட்டுப் பேரும் இதைப் படிக்கலாம், ஆனால் பேச அழைக்கப்படவில்லை. யாருக்காவது உண்மையிலேயே தடை இருந்தால், தேதி கண்ணில் படுகிறதே, அப்போது வாய் திறப்பார்கள். அப்படித் திறந்தால் அது நல்லதுதான். கட்டிங் ஆன பிறகு திறப்பதைவிட.

மேடம் ‘தொடங்கலாம்’ என்று ஒரு சொல்லில் பதில் போடுகிறார். இது ‘வேற ஒண்ணுமில்ல’. இப்போது நன்றி வரலாம், எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும்:

‘நன்றி மேடம். கட்டிங்குக்கு முன்னாலேயே பிடித்துக் கொடுத்தீர்கள், பெரிய உதவி.’

முப்பது மெயில் ஓடிய பேச்சு இந்த ஒற்றை வரியில் நிற்கிறது. வெடுக்கென்று இல்லை, ஏனென்றால் மூடப்படாத எதுவும் உள்ளே இல்லை. இதற்கு மேடம் பதில் போடத் தேவையும் இல்லை. ‘பதில் தேவையில்லை’ என்று எழுதத் தோன்றும். சொந்த டீமுக்குள் எழுதலாம், வெளியாளுக்கு, அதுவும் வாங்குகிறவருக்கு, அது ‘வாயை மூடு’ என்பதன் சட்டை போட்ட வடிவமாகவே கேட்கும்.

அந்த நன்றி எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். ‘பிடித்துக் கொடுத்தீர்கள்’ என்பது நடந்து முடிந்த ஒரு செயல். ‘உங்கள் தொடர்ந்த ஒத்துழைப்புக்கு நன்றி’, ‘விரைவான பதிலுக்கு முன்கூட்டியே நன்றி’ போன்றவை இனி நடக்க வேண்டியதற்கான நன்றிகள். அவை ஒரு கோரிக்கையின் வாலில் இருக்க வேண்டியவை. பூமராங் என்ற மெயில் செயலி நிறுவனம் 2017இல் 3,50,000க்கும் மேற்பட்ட மெயில் தொடர்களை எடுத்து, எந்த முடிப்புச் சொல்லுக்கு எத்தனை சதவீதம் பதில் வந்தது என்று கணக்கெடுத்தது. எல்லாவற்றிலும் முதலிடம் ‘முன்கூட்டியே நன்றி’க்கு: 65.7 சதவீதம். வெறும் ‘தேங்க்ஸ்’ என்பதும் பின்னாலேயே 63 சதவீதத்தில் இருந்தது. ஒட்டுமொத்தச் சராசரி 47.5தான். அவர்கள் எடுத்துக்கொண்ட மெயில்களில் நிறைய, யாரோ உதவியோ ஆலோசனையோ கேட்டு எழுதியவை என்பதால் இதை எல்லா மெயிலுக்கும் பொருத்திவிட முடியாது. அந்த நிறுவனம் இதைப் ‘பதில் வாங்குவது எப்படி’ என்ற அறிவுரையாகத்தான் வெளியிட்டது. பேச்சை முடிக்க நினைப்பவர் அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்: நன்றி என்ற சொல் இயல்பிலேயே பதிலை இழுக்கிறது. அதிலும் வரப்போவதற்குச் சொல்கிற நன்றி கூடுதலாக இழுக்கிறது. ஆகவே கடைசி நன்றி, முடிந்துபோன ஒன்றை, முடிந்தால் ஒருவர் செய்த குறிப்பிட்ட ஒன்றை, சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும்.

குறிப்பாகச் சொல்வதில் இன்னொரு லாபம் உண்டு. ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்பதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் அது படிப்பவரின் கண்ணில் தங்குவதில்லை. விளக்கை மாற்றிப் பார்த்த அந்த ஒரு வேலையைச் சொன்னால், இவர் முப்பது மெயிலையும் படித்திருக்கிறார் என்று மேடத்துக்குத் தெரியும். சுருக்கம் அலட்சியமாகத் தோன்றாமல் இருப்பது இதனால்தான்.

முற்றுப்புள்ளி வைத்தால் கோபமாகத் தெரியும், ஆச்சரியக்குறி போட்டால் சிநேகமாகத் தெரியும் என்று இளைஞர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது முழுக்க மூடநம்பிக்கை அல்ல. அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் செலியா க்ளின் என்ற உளவியல் பேராசிரியரின் குழு, 2015இல் 126 மாணவர்களிடம் சில குறுஞ்செய்தி உரையாடல்களைக் காட்டியது. ஒற்றைச் சொல் பதிலின் முடிவில் புள்ளி இருந்தபோது, அது மனதாரச் சொன்னதாக மாணவர்களுக்குப் படவில்லை. அதே உரையாடலைக் கையெழுத்துக் குறிப்பாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. புள்ளியில் குற்றம் இல்லை. அந்த இடத்தில் யாரும் வழக்கமாகப் புள்ளி வைப்பதில்லை, வைத்ததும் ஏதோ சொல்ல வருகிறார் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மெயிலுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மெயிலில் புள்ளி சகஜம். அங்கே கண்ணில் குத்துவது வழக்கத்திலிருந்து திடீரென்று இறங்குவது. இருபத்தொன்பது மெயில்கள் ‘டியர் மேடம்’ என்று தொடங்கி, கீழே முழுப் பெயரோடு முடிந்திருக்க, முப்பதாவது மெயில் விளிப்பும் இல்லாமல் பெயரும் இல்லாமல் ‘தேங்க்ஸ்’ என்று வந்தால், போனில் அடித்ததாகவே இருந்தாலும், ஏதோ கசப்பு என்று படிக்கப்படும். ஆரம்பம் முதலே இருவரும் ஒற்றை வரியில் பேசிக்கொண்டவர்கள் என்றால் அதே ‘தேங்க்ஸ்’ சாதாரணம். ஆகவே மெயிலின் நடுப்பகுதியைச் சுருக்குங்கள், தலையையும் காலையும் விட்டுவிடுங்கள். ‘மேடம்’ என்ற விளிப்பும் அடியில் பெயரும் இருந்தால் நடுவில் ஒரே வரி போதும்.

யார் முடிப்பது என்பதில் நம் அலுவலகங்களுக்கென்று ஒரு நுட்பம் இருக்கிறது. கேள்வி கேட்டுத் தொடங்கியவர் முடிப்பதுதான் இயல்பு. அவருக்குத்தான் விடை கிடைத்ததா என்று தெரியும். ஆனால் நடுவில் பெரியவர் ஒருவர் வந்துவிட்டால் சின்னவரால் ‘இத்துடன் முடித்துக்கொள்வோம்’ என்று எழுத முடியாது. எழுதினால் அடுத்த நாள் காலை கேபினுக்குக் கூப்பிடுவார்கள். அவர் செய்யக்கூடியது, தொடங்கப்போகும் வேலையைச் சொல்லி முடிப்பது: ‘சார் சொன்னபடி நாளை காலை ரிப்பை அனுப்பிவிடுகிறேன். நன்றி சார்.’ பேச்சை நிறுத்துகிறேன் என்று இதில் எங்கும் இல்லை, ஆனால் இதற்கு மேல் பேசினால் வேலை தாமதமாகும் என்பது எல்லோருக்கும் புரியும். பெரியவரே முடிக்கும்போது நேர்மாறான ஆபத்து. அவருடைய ‘ஓகே’ ஒன்றே போதும் என்றாலும், அத்தனை நாள் மல்லுக்கட்டியவர்களுக்கு அது விசில் ஊதியதுபோல் இருக்கும். இடம் இருக்கிறவர் அரை வரி கூடுதலாக எழுதலாம்.

அந்தக் கடைசி நன்றி யாருக்கெல்லாம் போக வேண்டும்? முடிவைச் சொல்லும் மெயில் எல்லோருக்கும் போக வேண்டும், நன்றி மெயில் ஒருவருக்குப் போனால் போதும். ரிப்ளை ஆல் அழுத்தும் பழக்கத்தில் இந்தப் பிரிவினையை மறந்துவிடுகிறோம். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையான என்ஹெச்எஸ்ஸில் ஒரு சோதனை மெயில் தவறுதலாகச் சுமார் 8.4 லட்சம் கணக்குகளுக்குப் போனது. ‘என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள்’ என்று பலர் ரிப்ளை ஆலில் கேட்டார்கள். ‘தயவுசெய்து யாரும் ரிப்ளை ஆல் போடாதீர்கள்’ என்று வேறு சிலர், அதையும் ரிப்ளை ஆலிலேயே போட்டார்கள். மெயில் அமைப்பே அன்று திணறியது. ஒன்பது பேர் கொண்ட நம் மெயிலில் சர்வர் திணறாது, முதலாளியின் போன் மட்டும்தான் சத்தம் போடும். தொல்லை என்னவோ அதே ஜாதி. டீமையே பாராட்ட வேண்டியிருந்தால் மட்டும் எல்லோருக்கும் அனுப்பலாம்.

நன்றியே சொல்லக் கூடாத இடமும் ஒன்று உண்டு. வங்கி, இணையக் கடை, அலுவலக ஐடி பிரிவு போன்றவற்றின் ஹெல்ப்டெஸ்க் முகவரியிலிருந்து ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று டிக்கெட் எண்ணோடு மெயில் வரும். நல்ல மனதோடு அதற்கு ‘நன்றி’ என்று பதில் போடுவோம். ஜென்டெஸ்க் போன்ற பல மென்பொருள்களில், தீர்ந்ததாகக் குறித்த டிக்கெட்டுக்கு வாடிக்கையாளரிடமிருந்து எந்தப் பதில் வந்தாலும் டிக்கெட் மறுபடி திறந்துகொள்ளும். வந்தது நன்றியா திட்டா என்று அந்த விதி பார்ப்பதில்லை. யாரோ ஓர் ஊழியர் அதைத் திறந்து, படித்து, மறுபடி மூட வேண்டும். அவர் கணக்கில் அது மீண்டும் திறந்த புகாராகவும் விழலாம். அங்கே நன்றி சொல்ல ஆசைப்பட்டால் மெயிலின் அடியில் இருக்கும் ‘திருப்தியா?’ என்ற பொத்தானை அழுத்துங்கள். அது அந்த ஊழியருக்கு உண்மையாகவே பயன்படும். அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் இப்போது மெயிலுக்கே ஒரு கட்டைவிரலோ கைகூப்பலோ போடும் வசதி வந்திருக்கிறது. ஒரே அலுவலகத்துக்குள் அது போதும். வெளி நிறுவனத்துக்கு அனுப்பினால் சில சமயம் அதுவே தனி மெயிலாகப் போய் விழும் என்பதால் நான் வெளியே பயன்படுத்துவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் மூடிய பேச்சைத் திறப்பார். திருப்பூர் மெயிலில் அது அநேகமாக ஒரு வாரம் கழித்து, ‘அப்படியே அடுத்த ஆர்டரின் ரேட்டையும் சொல்லிவிடுங்களேன்’ என்று வரும். எழுதுகிறவர் சோம்பலில் பழைய மெயிலைத் தேடி எடுத்து அதிலேயே ரிப்ளை அடித்திருப்பார். நீங்களும் அதிலேயே பதில் போட்டால், ரிப் பற்றிய சண்டை, போட்டோக்கள், வெசல் விவகாரம் எல்லாம் கீழே தொங்க, புது ஆர்டரின் ரேட் ஒன்பது பேருக்கும் போகும், சாயப்பட்டறை மேனேஜர் உட்பட. புது மெயில் ஒன்றைத் திறந்து, சப்ஜெக்ட்டில் புது ஆர்டரின் ஸ்டைல் எண்ணைப் போட்டு, மேடத்துக்கு மட்டும் ரேட்டை அனுப்புங்கள். பழைய மெயிலில் ஒரு வரி மட்டும், அதுவும் அவருக்கு மட்டும்: ‘ரேட்டைத் தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன் மேடம்.’